இருபதுக்கு மேலே, ஐம்பதுக்குள்ளே

ஐபோனில் எடுத்த படத்தோடு என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "ஏறமாட்டேங்குதுண்ணே." வடுகபட்டியில் கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கும் சந்தைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரின்டர், இரண்டு கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். இந்த ஊரில் புது ஐபோன் வாங்குகிறவர்கள் குறைவு. திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் அண்ணன் தம்பி மாற்றிக்கொண்ட பழைய போன்தான் தங்கச்சி கைக்கு வரும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு அறிவிப்பு வரும் மாதங்களில் தாமரைக்குளம், மேல்மங்கலம், ஜெயமங்கலத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். போன் கேமரா நன்றாக இருக்கும், படமும் தெளிவாக இருக்கும், ஆனால் ஏறாது.

ஏறாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று கோப்பின் வகை, இன்னொன்று கோப்பின் எடை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஒரே பொத்தானில் தீர்க்கப் பார்ப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது. வகையை மாற்றினால் எடை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

முதலில் வகை. நமக்குப் பழக்கமான ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது. அன்றிலிருந்து கேமரா, கம்ப்யூட்டர், இணையதளம் எல்லாமே அதைப் படிக்கப் பழகிவிட்டன. ஐபோன் எழுதும் `.heic` கோப்பு அதற்கு ரொம்பப் பிந்தியது. அதன் அடிப்படையான தரம் 2015இல் முடிவானது. ஆப்பிள் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வெளியிட்டபோது, ஐபோன் 7 முதலான போன்களில் அதையே இயல்பான வகையாக வைத்தது. உள்ளே வீடியோவைச் சுருக்கப் பயன்படும் ஹெச்இவிசி என்ற முறைதான் இருக்கிறது. அதனால் அதே படத்தை ஜேபெக்கில் வைப்பதைவிட ஏறக்குறைய பாதி இடத்தில் வைத்துவிடும். 64 ஜிபி போனுக்கு அது பெரிய லாபம். ஆனால் அந்தச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. விண்டோஸில் இந்தப் படத்தைத் திறந்தால் "HEVC Video Extensions" வாங்கச் சொல்லிக் கேட்பதும், குரோம் உலாவி இந்தப் படத்தைக் காட்டாமல் இருப்பதும் அந்த வழியில் வந்த சங்கடங்கள். அரசுத் தேர்வாணையங்களின் விண்ணப்பங்கள் ஜேபெக்கைத்தான் கேட்கின்றன. அந்த விதி மாறும்வரை நாம்தான் மாற வேண்டும்.

இதில் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை பெயரை மாற்றுவது. `IMG_2047.HEIC` என்று இருப்பதை `photo.jpg` என்று திருத்திவிட்டால் ஜேபெக் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். 2020 மே மாதம் அமெரிக்காவில் இதே நம்பிக்கை சிலரைக் கவிழ்த்தது. கொரோனாவால் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு தன் ஏபி தேர்வுகளை இணைய வழியில் நடத்தியது. மாணவர்கள் கையால் எழுதிய விடைத்தாளைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஐபோன் வைத்திருந்த சிலரின் படத்தைத் தளம் ஏற்கவில்லை. நேரம் முடியும் பதற்றத்தில் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். விடை போய்ச் சேரவில்லை, மறுதேர்வு எழுத வேண்டியிருந்தது. சமர்ப்பிக்க முடியாமல் போனவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று காலேஜ் போர்டு சொன்னது. ஆனாலும் இரண்டாவது வாரத்திலிருந்து, ஏறாத விடைகளை மின்னஞ்சலில் அனுப்ப வழி திறந்துவிட்டார்கள்.

பெயர் மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சந்தேகமான கோப்பைக் கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை மாதிரி எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தில் `ftypheic` என்று தெரிந்தால், வெளியே என்ன பெயர் இருந்தாலும் அது ஐபோன் வகைதான். `JFIF` அல்லது `Exif` என்ற எழுத்து தொடக்கத்திலேயே தெரிந்தால் ஜேபெக். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் படம் கெட்டுவிடும். இன்னொன்று, விண்டோஸ் வால்பெயரை இயல்பாக மறைத்தே வைத்திருக்கும். அந்த நிலையில் நீங்கள் `photo.jpg` என்று பெயர் வைத்தால் கோப்பின் உண்மைப் பெயர் `photo.jpg.HEIC` என்று ஆகியிருக்கும். விண்டோஸ் 11இல் கோப்புறையைத் திறந்து View, Show, File name extensions என்று போய் அதை முதலில் தெரிய வையுங்கள்.

வகையை மாற்றுவது உண்மையில் சின்ன வேலை. இனிமேல் எடுக்கப்போகும் படங்களுக்கு, ஐபோனில் Settings, Camera, Formats என்று போய் Most Compatible என்பதைத் தொட்டுவிட்டால் போதும். அதன்பின் எடுப்பதெல்லாம் ஜேபெக்காகவே வரும். ஏற்கெனவே எடுத்த படம் மாறாது. இதைச் சொல்லாமல் விட்டால், அமைப்பை மாற்றிவிட்டுப் பழைய படத்தையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சாம்சங் போன்ற சில ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா அமைப்பில் High efficiency pictures என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எடுத்து வைத்த படத்தை போனிலேயே மாற்ற, முதலில் Photos செயலியிலிருந்து Save to Files கொடுத்து Files செயலிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் Quick Actions வரும், அதற்குள் Convert Image. ஜேபெக் என்று தேர்ந்தால் பக்கத்திலேயே புதுக் கோப்பு ஒன்று உண்டாகும். ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி இருக்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்ணப்பத்தை போனிலேயே சஃபாரியில் திறந்து, கோப்பு கேட்கும் இடத்தில் Photo Library வழியாகப் படத்தை எடுத்தால் போன் பெரும்பாலும் தானே ஜேபெக்காக மாற்றிக் கொடுத்துவிடும். அதே படத்தை Files வழியாக எடுத்தால் இருக்கிறபடியே கொடுக்கும். அதனால்தான் ஒருத்திக்கு ஏறிய படம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்திக்கு ஏறவில்லை. தளம் நியாயமில்லாமல் நடந்துகொள்கிறது என்று இருவரும் சண்டைக்குப் போவார்கள். வழிதான் வேறு.

கடைக்கு வருகிறவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப்பே ஜேபெக்காக்கி, பெரிய பக்கத்தை 1600 புள்ளி அளவுக்குக் குறைத்துத்தான் தரும். அருகிலிருந்து எடுத்த முகப்படத்துக்கு அது தாராளம். சின்ன எழுத்து நிறைந்த சான்றிதழுக்குத்தான் போதாது. ஆனால் "தெளிவா இருக்கணும்" என்று Document ஆக அனுப்பினால் போனில் இருந்த வகையிலேயே வந்து விழும். யுஎஸ்பி வயரில் எடுப்பதானால் போனின் Photos அமைப்பில் Transfer to Mac or PC என்ற இடத்தில் Automatic இருக்கிறதா என்று பாருங்கள். Keep Originals என்று இருந்தால் மாற்றாமல் அனுப்பும். அதோடு, நீங்கள் போனில் வெட்டிச் சரிசெய்த படமும் வெட்டாத மூலமும் தனித்தனியாக வரும். `IMG_2047` மூலம், `IMG_E2047` வெட்டியது. நடுவில் அந்த E இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இனி எடை. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

போன வங்கித் தேர்வு சமயத்தில் வந்த ஒரு பிள்ளையின் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஐபிபிஎஸ் விண்ணப்பம். போன் கொடுத்த படம் அகலம் 3024 புள்ளி, உயரம் 4032 புள்ளி, ஏறக்குறைய 1 கோடியே 22 லட்சம் புள்ளிகள். ஐபோன் வகையில் இரண்டு எம்பிக்குள் இருந்தது. ஜேபெக்காக மாற்றியதும் மூன்று எம்பியைத் தாண்டிவிட்டது.

"என்னண்ணே, கூடிப்போச்சு?" என்றாள்.

"கூடத்தான் செய்யும் பாப்பா. அது இறுக்கி மடிச்சு வச்சிருந்துச்சு, இது கொஞ்சம் தளர்வா வைக்கும்."

"அப்ப குவாலிட்டியக் கொறைச்சுருவோமா?"

இந்தக் கேள்விதான் எல்லாரையும் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. குவாலிட்டி என்ற பட்டையை இழுத்து இழுத்து 80, 50, 20, 5 என்று போவார்கள். முகம் கட்டம் கட்டமாக உடையும், கன்னத்தில் திட்டுத் திட்டாக வரும். அப்போதும் 50 கேபிக்கு அருகில்கூட வராது. ஏன் வராது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துத்தான் எழுதுகிறது. 3024க்கு 4032 என்றால் 1,90,512 கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒன்றுமே இல்லை, முழு வெள்ளை என்றாலும் "முந்தின கட்டம் மாதிரியே, வேறு ஒன்றுமில்லை" என்று எழுத வழக்கமான முறையில் 6 பிட் வேண்டும். நிறத்துக்கான கட்டங்கள் இதில் பாதி எண்ணிக்கை, அவற்றுக்குத் தலா 4 பிட். கூட்டிப் பார்த்தால் சுமார் 186 கேபி. வெறும் வெள்ளைத்தாளைப் படம் பிடித்தாலே இவ்வளவு எடை. எழுதும் முறையை இன்னும் இறுக்கும் மென்பொருள்கள் இதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஒரு முகத்தை 50 கேபிக்குள் அடைக்கிற அளவுக்கு அல்ல.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது தரத்தை அல்ல, புள்ளிகளின் எண்ணிக்கையை. வெட்டு, பிறகு புள்ளியைக் குறை, கடைசியில்தான் தரம். இந்த வரிசையை மாற்றினால் முகம் கெடும்.

ஐபிபிஎஸ் புகைப்படத்துக்கு 200க்கு 230 புள்ளி இருப்பது நல்லது என்கிறது, எடை 20 முதல் 50 கேபிக்குள். அந்தப் பிள்ளையின் படத்தில் தலைக்கு மேலே நிறையச் சுவர், கீழே இடுப்புவரை சட்டை. முதலில் முகமும் தோளும் மட்டும் வரும்படி வெட்டினேன். விகிதம் 20க்கு 23 ஆக இருக்க வேண்டும், அதனால் 1400க்கு 1610 புள்ளி. விகிதத்தைப் பார்க்காமல் வெட்டிவிட்டு, அப்புறம் அகலத்தையும் உயரத்தையும் கட்டாயமாக 200, 230 என்று அடித்தால் முகம் நீண்டோ சப்பையாகவோ போகும். பெயின்டில் Maintain aspect ratio என்ற குறியை எடுத்துவிட்டு இப்படிச் செய்து வருகிற படங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். தேர்வு மையத்தில் முகத்தைப் படத்தோடு ஒப்பிடப் போகிறவர்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெட்டியதை 200க்கு 230 ஆக்கிப் பெயின்டில் சேமித்தால் இன்னொரு சிக்கல். எடை பன்னிரண்டு கேபி சுமாருக்கு இறங்கிவிட்டது. குறைந்தபட்சம் 20 வேண்டும், ஆகவே மறுபடியும் ஏறாது. பெயின்டில் தரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை, அது தன் இஷ்டத்துக்கு ஒரு தரம் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11இன் Photos செயலியில் மூன்று புள்ளிகளைத் தொட்டு Resize image என்று போனால் புள்ளி, தரம் இரண்டையும் கேட்கும். சேமிப்பதற்கு முன்பே புதிய எடை எவ்வளவு என்றும் காட்டும். அங்கே 200க்கு 230ஐ வைத்துக்கொண்டு தரத்தை 100க்கு ஏற்றினால் பெரும்பாலும் 20ஐத் தாண்டிவிடும். பின்னணி ஒரே வெள்ளையாக இருந்து அப்போதும் தாண்டவில்லை என்றால் இரண்டு பக்கத்தையும் இரட்டிப்பாக்கி 400க்கு 460 என்று வைத்து, தரத்தை 85க்கு அருகில் வைப்பேன். 1,84,000 புள்ளி, முப்பது நாற்பது கேபி வரும். அறிவிப்பில் அந்தப் புள்ளி அளவு விருப்பமாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. எடை வரம்புதான் கறார். விகிதத்தை மட்டும் விடாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்திலும் புகைப்படத்துக்கு 20 முதல் 50 கேபி, கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி என்ற அளவுதான் பழக்கம். அங்கே அளவு சென்டிமீட்டரில் இருக்கும். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் என்றால் 200 டிபிஐயில் 276க்கு 354 புள்ளி, 300 டிபிஐயில் 413க்கு 531 புள்ளி. டிபிஐ என்பது அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது மட்டும்தான். சென்டிமீட்டரை 2.54ஆல் வகுத்து, டிபிஐயால் பெருக்கினால் புள்ளி கிடைத்துவிடும். ஒருமுறை இதைப் போட்டுப் பழகிவிட்டால் எந்த அறிவிப்பில் எந்த அளவு வந்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேபியிலும் ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது. ஐபோனின் Files செயலி 1000 பைட்டை ஒரு கேபி என்று எண்ணும், விண்டோஸ் 1024 பைட்டை எண்ணும். போனில் 20 கேபி என்று காட்டுவது கம்ப்யூட்டரில் 19.5. விளிம்பில் நிற்கிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். 25க்கும் 45க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் யார் எப்படி எண்ணினாலும் கவலையில்லை.

புகைப்படத்தைவிட எனக்கு அதிக நேரம் எடுப்பது கையெழுத்துதான். ஐபிபிஎஸ் கையெழுத்துக்கு 140க்கு 60 புள்ளி நல்லது என்கிறது, எடை 10 முதல் 20 கேபி. மொத்தமே 8,400 புள்ளி. பெரும்பகுதி வெள்ளைத்தாள். தரத்தை 100இல் வைத்தாலும் அதில் 10 கேபி திரட்டுவது கஷ்டம். அளவு சொன்னவர்களும் எடை சொன்னவர்களும் ஒரே அறையில் உட்காரவில்லையோ என்று எனக்குத் தோன்றும். இங்கேயும் வழி அதேதான், விகிதத்தை வைத்துக்கொண்டு புள்ளியைப் பெருக்குவது. 280க்கு 120 வைத்துத் தரத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் 420க்கு 180. எங்கேயாவது பத்தைத் தாண்டும். இருபதுக்கு மேல் போய்விட்டால் தரத்தைச் சிறிது இறக்குங்கள். சிலர் எடை ஏறுவதற்காகக் கையெழுத்தைச் சுற்றி நிறைய வெள்ளையை விட்டு வெட்டுகிறார்கள். வெள்ளை இடம் எடையை அவ்வளவாகக் கூட்டாது, கையெழுத்துத்தான் அச்சில் எறும்பளவுக்குச் சிறுத்துப்போகும்.

கையெழுத்தைப் படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். கோடு போடாத வெள்ளைத்தாள், கறுப்பு மை. கேபிடல் எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஐபிபிஎஸ் ஏற்காது. வாசல் பக்கம், நேர் வெயில் இல்லாத வெளிச்சத்தில் தாளை வைத்து, போனின் நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் தாள் சாம்பல் நிறமாகி, அதில் பொடிப்பொடியாக மணல் விழுந்திருக்கும். அந்த மணலையும் ஜேபெக் கவனமாக எழுதி வைக்கும். எடையெல்லாம் அதற்குப் போய்விடும், கையெழுத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

இடது பெருவிரல் ரேகைக்கு 240க்கு 240 புள்ளி, 20 முதல் 50 கேபி. இதில் பெரிய சிக்கல் வருவதில்லை. மை அதிகமாகி ரேகை அடைத்துவிடாமல் இருந்தால் சரி. கையால் எழுதும் உறுதிமொழிதான் கவனிக்க வேண்டியது: 800க்கு 400 புள்ளி, 50 முதல் 100 கேபி. எழுத்துள்ள படத்தில் தரத்தை ரொம்பக் குறைத்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் கொசு மொய்க்கிற மாதிரி அழுக்குப் புள்ளிகள் வரும். அதைப் பார்த்தாலே தரம் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த அளவுக்கு 100 கேபி தாராளமான இடம், ஆகவே கொசு வந்திருந்தால் யாரோ முன்னாலேயே ஒரு முறை கசக்கியிருக்கிறார்கள். ஜேபெக்கை ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பெயின்டில் சேமித்து, அதை ஒரு இணையதளத்தில் சுருக்கி, அதைத் திரும்ப அனுப்பி என்று போய்க்கொண்டிருக்காமல், அளவு சரியாக வரவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.

கம்ப்யூட்டரே இல்லாமல் போனில் முடிக்க நினைப்பவர்களுக்கு ஐபோனில் Shortcuts என்ற செயலி இருக்கிறது. அதில் Select Photos, Resize Image, Convert Image, Save File என்ற நான்கு செயல்களை வரிசையாக வைத்துவிட்டால் ஒரு தட்டில் வேலை முடியும். Resize Image இல் அகலம் 400 என்று கொடுத்தால் உயரம் தானே வரும். அதற்கு முன்பு Photos செயலியில் விகிதப்படி வெட்டியிருக்க வேண்டும். Convert Image இல் ஜேபெக்கைத் தேர்ந்தால் தரத்துக்கு ஒரு பட்டை வரும், கீழே Preserve Metadata என்ற குறியும் இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். படம் எடுத்த இடம், நேரம், போன் மாடல் எல்லாம் அதற்குள் இருக்கும். தேர்வாணையத்துக்கு அது தேவையில்லை, நமக்கும் சில கேபி மிச்சம்.

கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு இமேஜ்மேஜிக் இருந்தால் எல்லாம் ஒரே வரி:

```
magick IMG_2047.HEIC -auto-orient -crop 1400x1610+820+900 +repage -resize 400x460 -strip -define jpeg:extent=45kb photo.jpg
```

இதில் `820+900` என்பது இடமிருந்தும் மேலிருந்தும் எத்தனை புள்ளி தள்ளி வெட்டத் தொடங்க வேண்டும் என்பது. அது ஒவ்வொரு படத்துக்கும் மாறும். `jpeg:extent=45kb` என்றால் 45 கேபிக்குள் அடங்கும் தரத்தை அதுவே தேடிக்கொள்ளும். மேல் வரம்பை மட்டும்தான் அது பார்க்கும், 20க்குக் கீழே போனால் சொல்லாது. `-auto-orient` கட்டளை `-strip` கட்டளைக்கு முன்னால் இருக்க வேண்டும். படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்ற குறிப்பு படத்தோடு ஒட்டியிருக்கும் தகவலில் இருக்கலாம். அதை முதலில் அழித்துவிட்டால் முகம் படுத்துக்கொள்ளும். போனில் நேராகத் தெரிந்த படம் விண்ணப்பத்தில் பக்கவாட்டில் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கட்டளை தெரியாதவர்கள் அந்தப் படத்தைப் பெயின்டில் திறந்து, நேராக்கிச் சேமித்து, மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

இணையத்தில் இதற்கென்று நூறு தளங்கள் இருக்கின்றன. படத்தைப் போட்டால் 50 கேபி ஆக்கித் தரும். முகப்படம் ஒன்றுக்கு அவசரத்தில் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. ஆனால் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் ஒரே ஆளுடையது என்று சேர்ந்தாற்போல் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு தளத்துக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை. மேலே சொன்ன வேலைகள் எல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதை வைத்தே முடிந்துவிடும்போது அதற்கு அவசியமும் இல்லை. என் கடை மாதிரியான இடங்களிலும் இதே கவனம் வேண்டும். வேலை முடிந்ததும் Downloads கோப்புறையிலும் Recycle Bin இலும் உங்கள் கோப்புகள் கிடக்கின்றனவா என்று பார்த்து, கடைக்காரரிடம் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடைக்கு அடுத்த முறை போகாதீர்கள். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்திருந்தால் உங்கள் போனில் Linked devices போய் அதையும் துண்டித்துவிடுங்கள்.

"ஏறிருச்சுண்ணே" என்று சொன்னவுடன் எழுந்துவிடவும் கூடாது. சில தளங்கள் வால்பெயரையும் எடையையும் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடும். முன்னோட்டத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டமோ உடைந்த சின்னமோ தெரிந்தால், ஏறியது ஜேபெக் அல்ல. முன்னோட்டத்தில் சரியாக இருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன் நான்கு கோப்பும் அந்தந்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் கையெழுத்து போயிருப்பது அபூர்வமில்லை. கடைசியாக விண்ணப்பத்தின் பிடிஎஃபை இறக்கி, ஒரு தாளில் அச்செடுத்துப் பாருங்கள். திரையில் நன்றாகத் தெரிந்த கையெழுத்து அச்சில் மங்கலாக வந்தால், திருத்தும் வாய்ப்பு திறந்திருக்கும் நாட்களுக்குள்ளேயே மாற்றிவிடலாம்.

மத்திய அரசின் எஸ்எஸ்சி 2024இல் புதிய தளத்துக்கு மாறியபோது, புகைப்படத்தைக் கோப்பாக வாங்குவதை நிறுத்திவிட்டு விண்ணப்பிக்கும்போதே கேமரா வழியாக எடுக்கச் சொல்லிவிட்டது. முகப்படத்துக்கு அங்கே இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கையெழுத்தை மட்டும் இன்னமும் 10 முதல் 20 கேபிக்குள் ஜேபெக்காகத்தான் கேட்கிறார்கள்.